டால்டனின் கண்கள்

சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்தி அறிய மாட்டாத குறையைத் தமிழில் நிறக்குருடு என்று வழங்குகின்றோம். சொற்பொருள் ஆராய்ச்சியில் பழகிய என் போன்றார்க்கு இப்பெயர் சற்று உறுத்துவதாகும். குருடு என்பது காணாமை. இக்குறையுடையாரோ நுண்ணிய எழுத்தையும் நம்மைப் போலவே வாசிப்பர். நீலத்தையும் மஞ்சளையும் ஐயமறப் பிரித்தறிவர். பலர் வாலிப வயது வரும்வரை தமக்கொரு குறை உண்டென்பதையே அறியார். ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் இதற்கு ‘டால்டனிசம்’ என்று பெயர். அணுக்கொள்கையால் உலகறிந்த ஜான் டால்டன் என்னும் இரசாயன நூலாரின் பெயரே குறைக்கும் பெயராயிற்று. அவர் தம் கண்களைப் பற்றித் தாமே எழுதினார். அவற்றின் குறைக்குத் தாமே ஒரு காரணமும் கூறினார். அக்காரணம் பிழையென்று அவர் இறந்த மறுநாளே விளங்கியது. மெய்யான காரணம் இன்னதென்பது 1995ஆம் ஆண்டில்தான் துணியப்பட்டது. நாம் நிறம் காணும் முறையையும், அதில் ஒன்று குறைந்தால் நிகழ்வதையும் அறிதற்கு இவ்வொரு மனிதரின் கண்களே போதுமான நூலாகும்.

டால்டன் 1766ஆம் ஆண்டு வட இங்கிலாந்தில் குவேக்கர் சபையைச் சேர்ந்த எளிய குடும்பத்தில் பிறந்தவர். 1792ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒருநாள் அவர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு ஜெரேனியப் பூவை நோக்கினார். பிறர் கண்ணுக்கு அஃது இளஞ்சிவப்பு. டால்டனுக்கோ பகலில் அது வான்நீலமாய்த் தோன்றி வந்தது. அன்றிரவு அப்பூவில் நீலம் சிறிதும் இல்லை. தாம் சிவப்பென்று கருதிவந்த நிறமாக அது மாறியிருந்தது. வியப்புற்ற அவர் நண்பர் பலரை அழைத்துக் காட்டினார். பூ பெரிதும் மாறவில்லை என்றே அவர்கள் சொன்னார்கள். அவர்தம் உடன்பிறந்தான் ஒருவன் மட்டும் டால்டன் கண்டவாறே கண்டான். வேறுபாடு பூவில் இல்லை, தம் கண்ணில் உள்ளது என்பதை அவர் அன்றே தெளிந்தார்.

பின்னர் மான்செஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்து, அந்நகரத்து இலக்கிய தத்துவ சங்கத்தில் 1794ஆம் ஆண்டு தாம் வாசித்த கட்டுரையில் இவற்றை விரிவாக உரைத்தார். முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்த ஒளியில் பிறர் ஆறேழு நிறங்களை எண்ண, தாம் காண்பவை மஞ்சளும் நீலமுமாகிய இரண்டே, மிகுத்துச் சொன்னால் ஊதாவொடு மூன்றே என்றார். பிறர் சிவப்பென்னும் பகுதி தமக்கு ஒளி குன்றிய நிழல் போன்றது என்றும், சிவந்த முத்திரை அரக்கும் லாரல் இலையின் முகப்பும் தமக்கு ஒரே நிறமென்றும் எழுதினார். அவர் பள்ளியாசிரியராகவும் இருந்தவர். ஒருமுறை தம்மிடம் கற்ற 25 மாணாக்கருள் 2 பேர் தம்மைப் போன்றே காண்பதைக் கண்டறிந்தார். பெண்பாலாருள் இக்குறையுடையார் ஒருவரையும் தாம் கேள்விப்பட்டதில்லை என்பதையும் குறித்து வைத்தார். இக்குறிப்பை நினைவில் வைக்க வேண்டுகிறேன். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

இக்குறைக்குக் காரணம் யாது? விழியினுள் பாகு போன்ற தெளிந்த நீர்மம் ஒன்று நிறைந்துள்ளது. தமது விழியில் மட்டும் அந்நீர்மம் நீலச்சாயம் ஏறியிருக்க வேண்டும், நீலக் கண்ணாடி செவ்வொளியை விழுங்குதல் போல அது செவ்வொளியை விழுங்கிவிடுகின்றது என்று டால்டன் கருதினார். இஃது அறிவுடையார் கூறத்தக்க ஊகமே. அன்றியும் இதனைச் சோதித்துப் பார்க்கலாம் என்பதும் அதன் சிறப்பு. தாம் இறந்தபின் கண்களை அறுத்துப் பார்க்குமாறு அவர் சொல்லி வைத்தார். 1844ஆம் ஆண்டு ஜூலை மாதம் 27ஆம் நாள் அவர் இறந்தார். ஜோசப் ரான்ஸம் என்னும் அவர்தம் மருத்துவர், மறுநாள் ஒரு விழியின் நீர்மங்களைக் கடிகாரக் கண்ணாடிகளில் வடித்துப் பார்த்தார். அவை பளிங்கு போலத் தெளிந்திருந்தன. மற்றைய விழியின் பின்புறத்தைச் சிறிது அரிந்துவிட்டு, அதன் வழியாகவே சிவந்த பொருளையும் பச்சைப் பொருளையும் நோக்கினார். இரண்டும் தத்தம் நிறத்தோடு வேறுவேறாய்த் தெரிந்தன. ஆகவே கண்ணின் முன்புறத்தில் பிழையொன்றும் இல்லை. ரான்ஸம் அக்கண்களை எறிந்துவிடாமல் காத்து வைத்தது நம் நற்பேறாகும். மான்செஸ்டர் சங்கத்தார் அவற்றை நூற்றைம்பது ஆண்டு பேணினர்.

நீர்மத்தில் இல்லையெனின், குறை விழித்திரையில் இருத்தல் வேண்டும். டால்டன் உயிரோடிருந்த காலத்திலேயே தாமஸ் யங் என்பார் இதனைக் கூறியிருந்தார். ஒளியின் அலைநீளங்கள் எண்ணிறந்தன. ஒவ்வொன்றற்கும் தனித்தனி உணர்கருவி விழித்திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் அமைதல் இயலாது. ஆகவே மூவகைக் கருவிகளே இருத்தல் கூடும் என்று 1801ஆம் ஆண்டில் அவர் உய்த்துரைத்தார். டால்டனுக்கு இம்மூன்றனுள் சிவப்பை உணர்வது இல்லை என்று 1807இல் வெளிவந்த தம் சொற்பொழிவுகளில் குறித்தார். மூன்றென்றது முற்றும் உண்மை. சிவப்பென்றது உண்மையா என்பதே பின்னர் எழுந்த வழக்கு.

இனி அம்மூன்று கருவிகளைக் காண்போம். விழித்திரையில் ஒளியை உணரும் உயிரணுக்கள் கோல்கள், கூம்புகள் என இருவகைப்படும். கோல்கள் மங்கிய ஒளியில் தொழிற்படுவன. நிலா வெளிச்சத்தில் நிறம் தெரியாமைக்கு அவையே சாட்சி. பகலில் நிறம் காட்டுவன கூம்புகள். ஒரு கண்ணில் அவை ஏறத்தாழ அறுபது இலட்சம். ஒவ்வொரு கூம்பிலும் ஒளியை விழுங்கும் நிறமி ஒன்றுண்டு. அந்நிறமி ஆப்சின் என்னும் புரதமும், வைட்டமின் ஏ என்னும் சத்திலிருந்து ஆகும் ரெட்டினால் என்னும் சிறு மூலக்கூறும் சேர்ந்தது. வளைந்திருக்கும் ரெட்டினால், ஒளித்துகள் ஒன்று பட்டவுடன் நிமிர்கின்றது. அந்நிமிர்வால் ஆப்சினின் வடிவம் மாற, அதிலிருந்து தொடங்கும் இரசாயன மாறுதல்களால் கூம்பின் மின்னோட்டம் குறைகின்றது. ஈண்டு ஒரு புதுமை உண்டு. கூம்பு இருளில்தான் ஓயாமல் தூதுப்பொருளைச் சொரிந்துகொண்டிருப்பது. ஒளி பட்டால் அச்சொரிதல் தணிகின்றது. பேசிக்கொண்டிருப்பவன் வாய் அடங்குவதே இங்கே செய்தியாகின்றது.

ரெட்டினால் எல்லாக் கூம்புகளுக்கும் பொது. ஆப்சினின் வேறுபாடே நிறமியை மூவகையாக்குகின்றது. ஒருவகை 420 நானோமீட்டர் அளவில், மற்றொன்று 530 அளவில், மூன்றாவது 560 அளவில் அலைநீளமுடைய ஒளியை மிகுதியாக விழுங்கும். இவற்றை முறையே நீலக்கூம்பு, பச்சைக்கூம்பு, சிவப்புக்கூம்பு என்று நூல்கள் கூறும். அப்பெயர்கள் மயக்கம் தருவன. 560 நானோமீட்டர் ஒளி நமக்குச் சிவப்பன்று, மஞ்சள் கலந்த பச்சை. ஆகவே அலைநீளம் பற்றிக் குறுங்கூம்பு, இடைக்கூம்பு, நெடுங்கூம்பு என்றே இக்கட்டுரையில் வழங்குவேன். இடைக்கூம்பும் நெடுங்கூம்பும் தம்முள் மிக அணுக்கமானவை. 364 அமினோ அமிலங்களாலாகிய அவற்றின் ஆப்சின்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு ஒத்தவை. எஞ்சிய சில வேறுபாடுகளிலும் மூன்றே இடங்கள்தாம் அலைநீள வேற்றுமையின் பெரும்பகுதியை உண்டாக்குவன. சிவப்புக்கும் பச்சைக்கும் இடையே நாம் காணும் பெருவேற்றுமை அத்துணைச் சிறிய ஆதாரத்தின் மேல் நிற்கின்றது.

இவ்விடத்தில் பலரும் இடறும் ஒரு கருத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். நெடுங்கூம்பு சிவப்பை அறியும், இடைக்கூம்பு பச்சையை அறியும் என்று எண்ணுதல் தவறு. எந்தக் கூம்பும் தனியே எந்த நிறத்தையும் அறியாது. ஒளித்துகள் எந்த அலைநீளத்தினின்று வந்ததாயினும், விழுங்கப்பட்டபின் ரெட்டினால் நிமிர்வது ஒரே வகையாகத்தான். அலைநீளம் மாறினால் விழுங்கப்படும் வாய்ப்பு மாறுமேயன்றி விளைவின் தன்மை மாறாது. உண்டியலில் எத்தனை காசு விழுந்தது என்பதை மட்டும் சொல்லி, எவர் போட்டது என்று சொல்லாத கணக்குப்பிள்ளை போன்றது கூம்பு.

எடுத்துக்காட்டாக, எளிய எண்களைக் கற்பித்துப் பார்ப்போம். சற்றுச் சிவந்த ஒளி ஒன்று நெடுங்கூம்பில் 40 அளவும் இடைக்கூம்பில் 20 அளவும் தொழிற்படுகின்றது எனக் கொள்க. சற்றுப் பசிய ஒளி ஒன்று நெடுங்கூம்பில் 20, இடைக்கூம்பில் 40. இவ்விரண்டையும் ஒப்பிடக்கூடிய கண்ணுக்கு இவை வெவ்வேறு என்பது வெளிப்படை. பசிய ஒளியை இருமடங்கு ஆக்கினால் 40, 80 ஆகும். அப்போதும் இடைக்கூம்பே மிக்கிருத்தலால் அது பச்சையாகவே நிற்கும். இனி, இடைக்கூம்பு இல்லாத ஒருவரை நினைக்க. அவர்க்குச் சிவந்த ஒளி 40, பசிய ஒளி 20. இருமடங்காக்கிய பசிய ஒளி 40. முதலாவதும் கடையாவதும் அவர்க்கு எள்ளளவும் வேறல்ல. எத்துணை உற்று நோக்கினாலும், எத்துணைப் பயின்றாலும் அவரால் பிரித்தறிய முடியாது. பிரித்தறிதற்கு வேண்டிய செய்தி கண்ணைவிட்டுப் புறப்படவே இல்லை. அரக்கும் லாரல் இலையும் டால்டனுக்கு ஒன்றானது இங்ஙனமே.

ஆகவே நிறம் என்பது ஒப்பீட்டால் பிறப்பது. அவ்வொப்பீடு எங்கே நிகழ்கின்றது? ஜெர்மானிய நூலாராகிய ஹெரிங் என்பார் 1870களில் நுண்ணிய ஒரு செய்தியைச் சுட்டினார். நாம் காணும் கலப்பு நிறங்களில் சில சேர்க்கைகள் ஒருபோதும் இல்லை. இதற்கு நம் மொழியே சான்று பகரும். செம்மஞ்சள் என்கின்றோம், பசுமஞ்சள் என்கின்றோம், நீலப்பச்சை என்கின்றோம், செந்நீலம் என்றாலும் பொருள் விளங்கும். செம்பச்சை என்று எவரேனும் சொல்லக் கேட்டதுண்டா? சொல்லாக்குதல் எளிது, புணர்ச்சி விதியும் தடுக்காது. ஆயின் அச்சொல்லுக்குரிய நிறம் உலகில் எவர் கண்ணிலும் தோன்றுவதில்லை. மஞ்சள்நீலமும் அத்தகையதே. ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சிவப்பும் பச்சையும் தோன்றாமையின், அவை தராசின் இரு தட்டுக்கள் போன்று ஒன்று தாழ மற்றொன்று உயர்வனவாதல் வேண்டும் என்று ஹெரிங் துணிந்தார். யங் கூறிய மூன்றும் ஹெரிங் கூறிய எதிர்நிறச் சோடிகளும் தம்முள் பகையென்று நெடுங்காலம் வழக்காடினர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மீன்களின் விழித்திரையிலும், பின்னர்க் குரங்குகளின் மூளை நரம்புகளிலும் மின்னோட்டத்தை அளந்தபோது, இருவர் கூறியதும் உண்மையே, இரண்டும் அடுத்தடுத்த படிகளே என்பது புலனாயிற்று.

கூம்புகளின் செய்தியை ஏற்கும் விழித்திரை நரம்பணுக்கள் அவற்றைக் கூட்டியும் கழித்தும் மூளைக்கு அனுப்புகின்றன. நெடுங்கூம்பையும் இடைக்கூம்பையும் கூட்டிய தொகை ஒளியின் வெண்மை கருமைகளை உரைக்கும். நெடுங்கூம்பினின்று இடைக்கூம்பைக் கழித்த வேறுபாடு சிவப்பு–பச்சை என்னும் தராசு. குறுங்கூம்பை மற்றிரண்டன் தொகையோடு ஒப்பிட்ட வேறுபாடு நீலம்–மஞ்சள் என்னும் தராசு. நாம் மனத்தால் உணரும் தூய சிவப்பும் தூய பச்சையும் இவ்வேறுபாட்டோடு அச்சொட்டாகப் பொருந்துவதில்லை. மூளையில் மேலும் ஒரு கலப்பு நிகழ்கின்றது. எனினும் அடிப்படை இதுவே. விழியின் நடுக்குழியில் ஒரு நுண்ணரம்பணு பெரும்பாலும் ஒரே கூம்பைத் தன் நடுவிடமாகவும், சூழவுள்ளவற்றை எதிராகவும் கொண்டிருக்கின்றது. நுண்ணிய உருவத்தைக் காண்பதற்கென அமைந்த இவ்வமைப்பில், நடுவிடத்துக் கூம்பு நெடிதாயும் சூழ்ந்தவற்றுள் இடைக்கூம்புகள் கலந்தும் இருப்பின், நிறத்தின் கழித்தற் கணக்குத் தானே விளைந்துவிடுகின்றது. இதனை மறவாமல் வைத்துக்கொள்க.

இப்போது ஜெரேனியப் பூவுக்குத் திரும்பலாம். இளஞ்சிவப்புப் பூ, நெடிய அலைகளையும் குறுகிய அலைகளையும் ஒருங்கே திருப்பி அனுப்புகின்றது. நடுவிலுள்ள பச்சை அலைகளை விழுங்குகின்றது. டால்டனிடம் சிவப்பு–பச்சைத் தராசு இல்லை. நீலம்–மஞ்சள் தராசு ஒன்றே. பகலொளியில் குறுகிய அலைகள் மிகுதி; ஆகவே அவருடைய ஒற்றைத் தராசு நீலத்தின் பக்கம் சாய்ந்தது. மெழுகுவர்த்தியின் சுடரிலோ குறுகிய அலைகள் மிகச் சில. பூ திருப்பி அனுப்புவதற்கு நீலம் கிடைக்காமையால் தராசு மறுபக்கம் சாய்ந்தது. அம்மஞ்சள் பக்கத்தையே அவர் சிவப்பென்று கற்றிருந்தார். அவர்தம் நண்பர்களின் கண்ணிலும் நீலம்–மஞ்சள் தராசு அசைந்தே இருக்கும். ஆயினும் சிவப்பு–பச்சைத் தராசு சிவப்பின் பக்கமே நின்று பூவின் நிறத்தைக் காத்தது. ஒரு பூவும் ஒரு மெழுகுவர்த்தியும் கொண்டு, இரண்டு தராசுகளுள் ஒன்று தமக்கில்லை என்பதை அவர் அறியாமலே நிறுவிவிட்டார்.

இல்லாத கூம்பு நெடியதா, இடையதா? நெடுங்கூம்பு இல்லாதார்க்குச் சிவப்பு அலைகள் மிக இருண்டு தோன்றும். இடைக்கூம்பு இல்லாதார்க்கு அவ்வாறு இருளாது. சிவப்புப் பகுதி நிழல் போன்றது என்று டால்டன் எழுதிய சொல்லைப் பற்றிக்கொண்டே யங் முதலானோர் அவர்க்கு நெடுங்கூம்பு இல்லை என்றனர். சொல்லை நம்பாமல் அளந்தறியும் வழியொன்றை ராலே பிரபு 1881இல் காட்டினார். ஒரு வட்டத்தின் மேற்பாதியில் சிவந்த ஒளியும் பச்சை ஒளியும் கலந்து வீழ்கின்றன. கீழ்ப்பாதியில் தூய மஞ்சள் ஒளி. பார்ப்பவர் கலவையின் அளவை மாற்றி இரண்டு பாதியும் ஒன்றாகத் தோன்றச் செய்தல் வேண்டும். பொதுவான கண்ணுடையார் ஒரு குறித்த கலவையிலேயே ஒன்றுபடக் காண்பர். ஒருவகைக் கூம்பு இல்லாதாரோ, முழுச் சிவப்பையும் மஞ்சளோடு ஒன்றென்பர். முழுப் பச்சையையும் ஒன்றென்பர். மஞ்சளின் ஒளியளவை மட்டும் திருத்திக்கொள்வர். அத்திருத்தத்திலேயே மருமம் வெளிப்படும். முழுச் சிவப்புக்கு ஒப்பாக மஞ்சளை மிகவும் மங்கச் செய்வாராயின் நெடுங்கூம்பு இல்லாதவர். பெரிதும் மாற்றாது விடுவாராயின் இடைக்கூம்பு இல்லாதவர். இஷிஹாரா என்னும் ஜப்பானிய மருத்துவர் 1917இல் வெளியிட்ட புள்ளிப் படங்கள் எங்கும் வழங்குவன. அவை குறையுடையாரை விரைவில் பிரிக்க வல்லன. ஆயின் குறையின் வகையையும் அளவையும் துணிதற்கு ராலேயின் முறையே உரைகல். வேலைக்குச் சேரும்போது ஒரு புள்ளிப் படத்தில் எண் தெரியவில்லை என்பதொன்றால் மனமுடைந்து திரும்பும் இளைஞர், எவ்வகைக் குறை, எவ்வளவு குறை என்று அளந்து சொல்லுமாறு கேட்டல் நலம். அவருள் பெரும்பாலார்க்குக் குறை முழுமையானதன்று.

டால்டனோ ராலேயின் முறை பிறக்கு முன்னரே மண்ணில் அடங்கிவிட்டார். எஞ்சியவை மான்செஸ்டரிற் காய்ந்து கிடந்த கண்கள். டேவிட் ஹண்ட், கன்வல்ஜித் துலாய், ஜேம்ஸ் போமேக்கர், ஜான் மாலன் என்னும் நால்வர் அவற்றின் விழித்திரையில் ஒரு துணுக்கை எடுத்து, அதினின்று மரபணுப் பொருளைப் பிரித்துப் பெருக்கி ஆராய்ந்து, 1995ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். நெடுங்கூம்பின் ஆப்சினுக்குரிய மரபணு அங்கே இருந்தது. இடைக்கூம்பிற்குரியது இல்லை. யங் தவறினார். தம் நிறவுணர்வைத் தாமே விளக்கும் மனிதனின் சொல், அச்சொல்லைக் கேட்கும் பேரறிஞனையும் வழிதவறச் செய்யக்கூடும் என்பதற்கு இதனினும் தக்க சான்று நான் அறியேன்.

அம்மரபணு இல்லாதொழிந்தது எவ்வாறு? நெடுங்கூம்பிற்கும் இடைக்கூம்பிற்கும் உரிய மரபணுக்கள் எக்ஸ் என்னும் குரோமோசோமின் நுனியில் அடுத்தடுத்து அமைந்துள்ளன என்பதை 1986இல் ஜெரமி நேத்தன்ஸ் குழுவினர் காட்டினர். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. கருமுட்டை உருவாகும்போது இவ்விரண்டும் இணையாக நின்று தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அண்டை மரபணுக்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே எழுத்துக்களால் ஆனமையின், நிரை பிசகி ஒன்றன் நெடுமரபணு மற்றொன்றன் இடைமரபணுவோடு பொருந்தி நின்றுவிடுதல் உண்டு. ஏட்டில் ஒரே தொடக்கமுடைய இரண்டு வரிகள் அடுத்தடுத்து வந்தால் பிரதி செய்வோன் ஒரு வரியை விழுங்கிவிடுவானன்றோ? அதுபோன்றதே இது. மாற்றம் முடிந்தபின் ஓர் எக்ஸில் இடைமரபணு இரண்டாகும். மற்றொன்றில் ஒன்றும் இராது. வெட்டு மரபணுக்களின் நடுவே நிகழ்ந்தால் பாதி நெடியதும் பாதி இடையதுமான கலப்பு மரபணு பிறக்கும். கலப்பு மரபணுவின் நிறமி, இருக்கவேண்டிய அலைநீளத்தை விட்டு மற்றதன் அருகே நகர்ந்திருக்கும். தராசு உண்டு, ஆயின் தட்டுக்களின் இடைவெளி குறுகியது. ஆகவே மங்கலான நிறங்களில் மட்டும் தடுமாற்றம். குறையுடையாருள் மிகுதியானோர் இவ்வகையினரே.

ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. அதுவும் தாயிடமிருந்து வருவது. அதில் குறையிருப்பின் ஈடுசெய்ய மற்றொன்றில்லை. பெண்ணுக்கு ஓர் எக்ஸ் குறையுடையதாயினும், விழித்திரையின் உயிரணுக்களில் ஏறத்தாழ பாதி நல்ல எக்ஸைக் கொண்டு தொழில் செய்யும், அத்துணையே போதும். ஆகவே தாய் குறையின்றிக் காண்பாள். அவள் மைந்தருள் ஒவ்வொருவனுக்கும் குறை வரும் வாய்ப்புப் பாதி. தந்தைக்கும் மகனுக்கும் இதில் வழிவழித் தொடர்பில்லை. தாய்வழிப் பாட்டனுக்கும் பேரனுக்கும், தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் உண்டு. மருமகனுக்கு மாமன் சாயல் என்று நம் ஊர்ப்பெண்டிர் கூறுவது இவ்வொரு காரியத்தில் பெரிதும் பொருந்தும்.

வட ஐரோப்பிய மரபினருள் ஆண்களில் நூற்றுக்கு எண்மர் இக்குறையுடையார். டால்டனின் வகுப்பில் 25க்கு 2 என்றதும் அதே விகிதம். பெண்ணுக்கு இரண்டு எக்ஸிலும் குறை நேர வேண்டுமாதலின், நூற்றில் எட்டை நூற்றில் எட்டால் பெருக்க, பதினாயிரத்தில் அறுபத்துநான்கு வரும். மெய்யான கணக்கு இதனினும் சற்றுக் குறைந்து இருநூற்றுக்கு ஒருத்தி அளவே. குறைவு வருவானேன் எனின், ஒரு பெண்ணின் ஓர் எக்ஸில் நெடியதும் மற்றொன்றில் இடையதும் பழுதாயிருப்பின், ஒன்று மற்றொன்றற்கு ஈடு செய்துவிடும். அவளுக்குக் குறை தோன்றாது. டால்டன் தாம் அறிந்த சிலருள் பெண் ஒருத்தியையும் காணாதது வியப்பன்று.

இக்குறை தீருமா? இக்காலத்து விற்கப்படும் நிறமூட்டிய மூக்குக்கண்ணாடிகள் சில அலைநீளங்களைத் தடுத்து, மயங்கும் இரண்டு பொருள்களுள் ஒன்றை மற்றொன்றினும் இருளச் செய்யும். அதனால் சில பொருள்களைப் பிரித்தறியலாம். இல்லாத கூம்பை எக்கண்ணாடியும் தாராது. வேறொரு வழியை ஜே நீட்ஸ், மௌரீன் நீட்ஸ் என்னும் தம்பதியரும் அவர்தம் துணைவரும் 2009இல் காட்டினர். அணில்குரங்கு என்னும் தென்னமெரிக்க இனத்தில் ஆண்கள் யாவும் பிறவியிலேயே இருநிறக் கண்ணுடையன. வளர்ந்த ஆண்குரங்குகளின் விழித்திரையில், தீங்கற்ற வைரஸ் ஒன்றன் வாயிலாக மனிதரின் நெடுங்கூம்பு மரபணுவைப் புகுத்தினர். ஏறத்தாழ இருபது வாரம் கழித்து, முன்பு சாம்பல் நிறத்தினின்றும் பிரித்தறியாத நிறங்களை அவை தொட்டுக் காட்டிப் பழச்சாறு பரிசு பெற்றன. அவற்றுள் ஒன்றன் பெயர் டால்டன். மனிதரின் சிவப்பு–பச்சைக் குறைக்கு இம்முறை இன்னும் மருத்துவ வழக்கிற்கு வரவில்லை.

குழந்தைப் பருவத்தில் அமையாத உணர்வை வளர்ந்த மூளை பின்னர் ஏலாது என்று பலர் எண்ணியிருந்தமையால் இது பெருவியப்பாயிற்று. ஆனால் நடுவிடமும் சூழலுமாய் ஒன்றையொன்று கழிக்கும் நரம்பமைப்பு இருநிறக் கண்ணிலும் முன்னரே உண்டு. புதிய நிறமி சில கூம்புகளில் ஏறியவுடன், அப்பழைய அமைப்பே புதிய கழித்தலைச் செய்யத் தொடங்கியிருக்கலாம். அக்குரங்கு கண்டது நாம் காணும் சிவப்பா, அன்றிப் பழைய நீலம்–மஞ்சள் தராசு இரண்டாகப் பிளந்ததால் தோன்றிய வேறொன்றா என்பது ஆராய்ச்சியாளரிடையே இன்னும் தீராத வழக்கு. சரியான புள்ளியைத் தொடும் வரையில்தான் குரங்கு சொல்லும்.